அப்பாயின்ட்மென்ட் 10 மணிக்கு... ஸ்கிரீனில் காட்டியதோ 9 மணி! எதிர்கால நேரத்தை கணினியில் எப்படிச் சேமிக்கணும்?

ஒரு நாட்டின் அரசு கடிகாரத்தை மாற்றும் தேதியைத் தள்ளிப் போடுகிறது. நான்கே நாளில் அந்த முடிவைத் திரும்பப் பெறுகிறது. இந்த இடைவெளியில், பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்து வைத்த டாக்டர் அப்பாயின்ட்மென்ட், இன்டர்வியூ, விசா நேர்காணல் எல்லாம் என்ன ஆகும்? அந்த நேரங்களைக் கணினி எந்த வடிவத்தில் சேமித்து வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்துதான் இதற்குப் பதில் இருக்கிறது.

இது கற்பனைக் கேள்வி அல்ல. 2023 மார்ச்சில் லெபனானில் இப்படித்தான் நடந்தது.

லெபனானில் என்ன நடந்தது?

லெபனானில் ஆண்டுதோறும் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கும் நள்ளிரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பது வழக்கம். இதைத்தான் கோடைகால நேரம் என்கிறார்கள். குளிர்காலத்தில் உலகப் பொது நேரமான யுடிசி-யை விட 2 மணி நேரம் முன்னே இருக்கும் லெபனான், கோடையில் 3 மணி நேரம் முன்னே இருக்கும். அதன்படி 2023-ல் மார்ச் 25 நள்ளிரவு கடந்ததும் கடிகாரம் மாற வேண்டும்.

ஆனால், அதற்கு இரண்டு நாள் முன்பு, மார்ச் 23 வியாழக்கிழமை, காபந்து பிரதமர் நஜிப் மிகாதி இந்த மாற்றத்தை ஏப்ரல் 20 வரை தள்ளிவைப்பதாக அறிவித்தார். அப்போது ரமலான் மாதம் தொடங்கியிருந்தது. கடிகாரத்தை மாற்றாமல் விட்டால் நோன்பு திறக்கும் நேரம் மாலை 7 மணிக்குப் பதில் 6 மணி வாக்கில் வரும்.

மரோனைட் திருச்சபை இதை ஏற்கவில்லை. பழைய வழக்கப்படியே ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றப் போவதாக அறிவித்தது. எல்பிசிஐ, எம்டிவி போன்ற டிவி சேனல்களும் அதே பாதையில் போயின. அரசு அலுவலகம் ஒரு நேரத்தில், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம் இன்னொரு நேரத்தில் என நாடு இரண்டு நேரங்களில் ஓடியது. செல்போனில் நேரம் தானாக மாறும் வசதியை அணைத்துவிட்டு, கையாலேயே நேரத்தை செட் பண்ணிக்கொள்ளும்படி தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று.

மார்ச் 27 திங்கட்கிழமை அமைச்சரவை கூடி, தள்ளிவைப்பு முடிவைத் திரும்பப் பெற்றது. புதன்கிழமை நள்ளிரவில் கடிகாரம் மாறும் என்று அறிவித்தது. மனிதர்களுக்குக் குழப்பம் அத்தோடு முடிந்துவிட்டது. கணினிகளுக்கு?

கணினிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

உலகில் எந்த ஊரில் எப்போது கடிகாரம் மாறும் என்ற விதிகளை ஒரே இடத்தில் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் டைம் ஸோன் டேட்டாபேஸ். ஐயானா என்ற இணைய நிர்வாக அமைப்பு இதை வெளியிடுகிறது. பால் எக்கர்ட் என்பவர் இதை ஒருங்கிணைக்கிறார். ஆண்ட்ராய்டு, ஐபோன், லினக்ஸ் சர்வர், ஜாவா எனப் பெரும்பாலானவை தங்களுக்கென்று இதன் ஒரு பிரதியை வைத்துக்கொள்கின்றன.

இந்த டேட்டாபேஸில் ஒவ்வொரு நேர மண்டலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. லெபனானுக்கு `Asia/Beirut`. இந்தியாவுக்கு `Asia/Kolkata`. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரே ஓர் எண் மட்டும் இல்லை. அந்த ஊரின் கடிகாரம் இதுவரை எப்படியெல்லாம் மாறியது, இனி எப்போது மாறும் என்ற முழு வரலாறும் விதியும் இருக்கிறது.

லெபனான் அறிவிப்பு வந்ததும் `2023b` என்ற புதிய பதிப்பு வெளியானது. கோடைகால நேரம் ஏப்ரல் 21-ல்தான் தொடங்கும் என்று அதில் இருந்தது. அரசு பின்வாங்கியதும் `2023c` வெளியானது. லெபனான் விதி மறுபடியும் பழையபடியே ஆனது. ஒரே வாரத்துக்குள் இரண்டு பதிப்புகள், இரண்டு விதமான விதிகள்.

பிரச்சினை எங்கே வருகிறது?

நேரத்தைச் சேமிப்பது பற்றி மென்பொருள் துறையில் காலங்காலமாகச் சொல்லித் தரும் ஒரு விதி உண்டு. 'எல்லா நேரத்தையும் யுடிசி-யில் சேமி. திரையில் காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்று' என்பதுதான் அது.

நடந்து முடிந்த விஷயங்களுக்கு இது அருமையான விதி. நேற்று மதியம் பணப் பரிமாற்றம் நடந்தது, காலையில் ஒருவர் லாகின் செய்தார் என்பவை நடந்து முடிந்த கணங்கள். இனி எந்த அரசு எந்தக் கடிகாரத்தை மாற்றினாலும் அந்தக் கணம் மாறாது. அதை யுடிசி-யில் எழுதி வைப்பதே சரி.

ஆனால், எதிர்காலத்தில் வரப்போகும் அப்பாயின்ட்மென்ட் அப்படியா? 'ஏப்ரல் 11, காலை 10 மணிக்கு வாங்க' என்று ஒரு கிளினிக்கில் சொன்னால், அதன் பொருள் என்ன? அன்று அந்த ஊர்ச் சுவர்க் கடிகாரம் 10 காட்டும்போது வாருங்கள் என்பதுதான். அந்த நேரத்தில் யுடிசி 7 மணியா 8 மணியா என்பது டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தேவையில்லை. அவர்கள் ஒப்புக்கொண்டது 10 மணியைத்தான்.

அதை யுடிசி-க்கு மாற்றிச் சேமிக்கும்போது, கணினி சத்தமில்லாமல் ஒரு யூகத்தையும் சேர்த்துக்கொள்கிறது. 'ஏப்ரல் 11-ல் லெபனானில் கோடைகால நேரம்தான் இருக்கும். எனவே 10-லிருந்து 3-ஐக் கழித்தால் 7' என்ற யூகம் அது. பதிவு செய்த அன்று அந்த யூகம் சரிதான். அதற்கு அப்புறம் அரசு விதியை மாற்றினால்? யூகம் தப்பாகிவிடும். ஆனால், மனிதர்கள் உண்மையில் ஒப்புக்கொண்ட '10 மணி' என்ற தகவல் கணினியில் எங்குமே இருக்காது. யூகத்தின் விடை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

ஒரு கிளினிக்... இரண்டு நோயாளிகள்... ஒரே 10 மணி

இதை எண்களோடு பார்த்தால் தெளிவாகப் புரியும். பெய்ரூட்டில் ஒரு பல் மருத்துவமனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பதிவேட்டு மென்பொருள் எல்லா நேரத்தையும் யுடிசி-யில் மட்டுமே சேமிக்கிறது.

பிப்ரவரி மாதம் முதல் நோயாளி போன் செய்கிறார். ஏப்ரல் 11 செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு அவருக்கு நேரம் கொடுக்கிறார்கள். அன்றைய விதிப்படி ஏப்ரலில் லெபனான் யுடிசி-யை விட 3 மணி நேரம் முன்னே இருக்கும். எனவே கணினி இப்படிச் சேமிக்கிறது:

```
2023-04-11T07:00:00Z
```

கடைசியில் உள்ள `Z` என்ற எழுத்து, இது யுடிசி நேரம் என்பதைக் குறிக்கிறது.

மார்ச் 24-ம் தேதி, சர்வரில் `2023b` பதிப்பு ஏறிவிடுகிறது. புதிய விதிப்படி ஏப்ரல் 11-லும் லெபனான் குளிர்கால நேரத்திலேயே, அதாவது 2 மணி நேரம் மட்டுமே முன்னே இருக்கும். கணினி 7-உடன் 2-ஐக் கூட்டுகிறது. முதல் நோயாளியின் அப்பாயின்ட்மென்ட் இப்போது திரையில் காலை 9 மணி என்று காட்டுகிறது. யாரும் எதையும் திருத்தவில்லை. சேமித்து வைத்த எண்ணும் மாறவில்லை. ஆனால், காட்டும் நேரம் மாறிவிட்டது.

அடுத்த நாள் இரண்டாவது நோயாளி போன் செய்கிறார். ரிசப்ஷனில் இருப்பவர் திரையைப் பார்க்கிறார். ஏப்ரல் 11-ல் 9 மணிக்கு ஆள் இருக்கிறார், 10 மணி காலியாக இருக்கிறது. '10 மணிக்கு வாங்க' என்று சொல்லிப் பதிவு செய்கிறார். கணினி இந்த முறை 10-லிருந்து 2-ஐக் கழித்து, 8 மணி யுடிசி என்று சேமிக்கிறது:

```
2023-04-11T08:00:00Z
```

சில நாட்களில் `2023c` வருகிறது. விதி மீண்டும் பழையபடி ஆகிறது. இப்போது முதல் நோயாளி 10 மணி, இரண்டாவது நோயாளி 11 மணி என்று திரை காட்டுகிறது. பார்ப்பதற்கு எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும். ஆனால், இரண்டாவது நோயாளியின் கையில் உள்ள சீட்டில் 10 மணி என்றுதான் எழுதியிருக்கிறது. ஏப்ரல் 11 காலை 10 மணிக்கு இரண்டு பேரும் வந்து ஒரே நாற்காலிக்காக நிற்பார்கள்.

இதில் மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தத் தவறைப் பிறகு திருத்துவதும் கஷ்டம். 7 மணி யுடிசி, 8 மணி யுடிசி என்ற இரண்டு வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, எது எந்த விதிப்படி கணக்கிட்டது என்று சொல்ல முடியாது. பதிவு செய்த தேதியை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். ஆனால், புதிய பதிப்பு ஒவ்வொரு சர்வரிலும் ஒவ்வொரு நேரத்தில் ஏறும். எந்த சர்வரில் எப்போது ஏறியது என்ற குறிப்பு இல்லாவிட்டால், நோயாளிக்கு அனுப்பிய எஸ்எம்எஸ்-ஐத் தேடி எடுத்து '10 மணி' என்று எழுதியிருக்கிறதா என ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சரி, அப்போ என்னதான் தீர்வு?

மனிதர்கள் எதை ஒப்புக்கொண்டார்களோ அதையே சேமிப்பதுதான் தீர்வு. அதாவது உள்ளூர்க் கடிகார நேரம், கூடவே அந்த ஊரின் நேர மண்டலப் பெயர்.

```
2023-04-11T10:00
Asia/Beirut
```

இப்போது அதே கிளினிக்கின் கதையை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். பிப்ரவரியில் முதல் நோயாளிக்கு 10 மணி என்று பதிவாகிறது. மார்ச்சில் `2023b` வந்த பிறகும் திரையில் 10 மணிதான். இரண்டாவது நோயாளி போன் செய்யும்போது 10 மணி காலியாகத் தெரியாது. அவருக்கு 11 மணி கிடைக்கும். `2023c` வந்த பிறகும் எதுவும் மாறாது. அரசு எத்தனை முறை மனசை மாற்றிக்கொண்டாலும் இந்தப் பதிவேடு அப்படியே இருக்கும்.

அப்படியென்றால் யுடிசி வேண்டவே வேண்டாமா? வேண்டும். 'ஒரு மணி நேரம் முன்னதாக நினைவூட்டல் எஸ்எம்எஸ் அனுப்பு' என்ற வேலையை சர்வர் செய்ய வேண்டுமானால், உண்மையில் எந்தக் கணத்தில் அனுப்பணும் என்று அதற்குத் தெரிய வேண்டும். அதற்காக யுடிசி நேரத்தையும் ஒரு காலத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால், அது மூலப் பதிவு இல்லை, கணக்குப் போட்டு எடுத்த நகல் மட்டுமே. டேட்டாபேஸில் மூன்று காலங்களாக இப்படி இருக்கும்:

```
starts_local  timestamp    2023-04-11 10:00
zone          text         Asia/Beirut
starts_utc    timestamptz  2023-04-11 07:00+00
```

முதல் இரண்டும் மனிதர்கள் சொன்னது. மூன்றாவது, கணினி கணக்கிட்டது. நேர மண்டல விதிகளின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மூன்றாவது காலத்தை மட்டும் மறுபடி கணக்கிட்டால் போதும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இது ஒரே கட்டளை:

```
UPDATE appointments
SET starts_utc = starts_local AT TIME ZONE zone
WHERE starts_local > now() - interval '2 days';
```

முடிந்துபோன அப்பாயின்ட்மென்ட்களைத் தொட வேண்டியதில்லை என்பதற்காகத்தான் கடைசி வரி. உலகின் எந்த மூலையில் இருக்கும் ஊரும் விடுபடாமல் இருக்க இரண்டு நாள் தாராளமாகப் பின்னே போகிறது. கட்டளையை ஓட்டுவதற்கு முன்பும் பின்பும் மூன்றாவது காலத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தெந்தப் பதிவுகள் விதி மாற்றத்தால் பாதிக்கப்பட்டன என்ற பட்டியலும் கிடைத்துவிடும்.

பெயரை நம்பி ஏமாற வேண்டாம்!

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. போஸ்ட்கிரெஸில் `timestamp with time zone` என்று ஒரு வகை இருக்கிறது. சுருக்கமாக `timestamptz`. பெயரைப் பார்த்தால் நேர மண்டலத்தையும் சேர்த்தே சேமிக்கும் என்றுதான் தோன்றும். ஆனால், அது சேமிப்பதில்லை. கொடுக்கும் நேரத்தை யுடிசி-க்கு மாற்றிவிட்டு, மண்டலத்தின் பெயரைத் தூக்கிப் போட்டுவிடும். எனவே, இந்த வகையை மட்டும் நம்பினால் கிளினிக்கில் நடந்த அதே குழப்பம்தான் வரும். மண்டலப் பெயருக்குத் தனியாக ஒரு காலம் வைக்கணும்.

இன்னொரு சறுக்கல், பெயருக்குப் பதில் எண்ணைச் சேமிப்பது. `10:00+03:00` என்று எழுதி வைத்தால் 10 மணி என்ற தகவல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், `+03:00` என்பதும் பதிவு செய்த அன்று போட்ட அதே யூகம்தான். இது லெபனானா, சவுதி அரேபியாவா, கென்யாவா என்று அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. சவுதியிலும் கென்யாவிலும் ஆண்டு முழுக்க `+03:00`. லெபனானில் கோடையில் மட்டும். விதி மாறினால் எந்தப் பதிவைத் திருத்தணும் என்று கண்டுபிடிக்க முடியாது.

மூன்றெழுத்துச் சுருக்கமும் உதவாது. `IST` என்றால் நமக்கு இந்திய நேரம். இஸ்ரேலுக்கும் அதே சுருக்கம்தான். அயர்லாந்தின் கோடைகால நேரத்துக்கும் அதேதான். `Asia/Kolkata` என்று எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

காலண்டர் செயலிகள் என்ன செய்கின்றன?

கூகுள் காலண்டர், அவுட்லுக் போன்றவை ஒன்றுக்கொன்று நிகழ்ச்சிகளை அனுப்பிக்கொள்ளும் பொது வடிவம் ஐகாலண்டர். மெயிலில் வரும் `.ics` கோப்பு இதுதான். அதில் ஒரே நிகழ்ச்சியை இரண்டு விதமாகவும் எழுத முடியும்:

```
DTSTART:20230411T070000Z
DTSTART;TZID=Asia/Beirut:20230411T100000
```

முதல் வரியில் யுடிசி கணம். இரண்டாவது வரியில் உள்ளூர் நேரமும் மண்டலப் பெயரும். உங்களுக்கு வந்த அழைப்பு எந்த வகை என்று தெரிய வேண்டுமா? அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து `DTSTART` வரியைப் பாருங்கள். கடைசியில் `Z` இருந்தால் யுடிசி. `TZID` இருந்தால் மண்டலப் பெயர்.

வாராவாரம் திரும்ப வரும் கூட்டங்களுக்கு இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். சென்னையில் ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான். நியூயார்க் கிளையன்ட் காலை 9 மணிக்கு வாராந்திரக் கூட்டம் வைத்தால், கோடையில் அது சென்னையில் மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்கக் கடிகாரம் பின்னே போனதும் அதே கூட்டம் சென்னையில் இரவு 7.30. `America/New_York` என்ற பெயரோடு சேமித்தால்தான் இப்படிச் சரியாக நகரும். கோடையில் கணக்கிட்ட யுடிசி 13 மணியையே எல்லா வாரத்துக்கும் சேமித்தால், நவம்பருக்குப் பிறகு நியூயார்க் ஆட்கள் 8 மணிக்கே வந்து உட்கார வேண்டியதுதான். இங்கே எந்த அரசும் விதியை மாற்றக்கூட இல்லை என்பதைக் கவனிக்கணும்.

யாருடைய ஊரின் நேரம்?

மண்டலப் பெயரைச் சேமிக்கும்போது யாருடைய மண்டலம் என்பதையும் தீர்மானிக்க வேண்டும். நேரில் போக வேண்டிய அப்பாயின்ட்மென்ட் என்றால், அந்த இடம் எங்கே இருக்கிறதோ அந்த மண்டலம்தான். துபாயில் வேலை பார்ப்பவர் சென்னை மருத்துவமனையில் காலை 10 மணிக்கு நேரம் வாங்கினால், `Asia/Kolkata` என்றுதான் பதிவாக வேண்டும். அவருடைய போன் காட்டும் `Asia/Dubai` அல்ல. செயலிகள் போனின் மண்டலத்தைத் தானாக எடுத்துக்கொள்வதால் இந்தத் தவறு எளிதில் நடக்கும்.

ஆன்லைன் சந்திப்பு என்றால், யாருடைய நேரத்தை வைத்து இரண்டு தரப்பும் பேசி முடித்தார்களோ அவருடைய மண்டலம். பெரும்பாலும் அழைப்பவருடையது.

இதெல்லாம் லெபனானில் மட்டும்தானா?

இல்லை. அதே 2023-ல் எகிப்து, பல ஆண்டுகளாகக் கைவிட்டிருந்த கோடைகால நேரத்தை ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை முதல் மீண்டும் கொண்டு வந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில்தான் அறிவிப்பே வந்தது. ஜனவரியிலேயே மே மாதத்துக்கு 10 மணி என்று யுடிசி-யில் பதிவு செய்து வைத்தவர்களுக்குத் திரை 11 மணி என்று காட்டும். மெக்சிகோ 2022 அக்டோபரில் நாட்டின் பெரும்பகுதியில் கோடைகால நேரத்தையே ஒழித்தது. அங்கே இதற்கு நேரெதிர். அடுத்த கோடைக்கு 10 மணி என்று பதிவு செய்தது 9 மணியாகத் தெரியும்.

நமக்குப் பக்கத்திலேயும் நடந்திருக்கிறது. இலங்கை 2006 ஏப்ரல் 15-ம் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னே நகர்த்தி, இந்திய நேரத்துக்கு வந்தது. அதற்கு முன்பு பதிவு செய்த காலை 10 மணி சந்திப்பு யுடிசி-யில் மட்டும் இருந்திருந்தால், ஏப்ரல் 15-க்குப் பிறகு 9.30 என்று காட்டியிருக்கும்.

இந்தியாவின் கடிகாரம் இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-க்குப் பிறகு மாறவே இல்லை. அதனால் உள்நாட்டில் மட்டும் பயன்படும் மென்பொருளில் இந்தப் பிழை இருந்தாலும் வெளியே தெரியாது. அதே மென்பொருளை வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போதுதான் வெளிவரும்.

இந்த முறையிலும் சிக்கல் உண்டா?

உண்டு. முதலாவது, சில உள்ளூர் நேரங்கள் இருப்பதே இல்லை. லெபனானில் கடிகாரம் மாறும் இரவில் நள்ளிரவு 12-லிருந்து நேராக 1 மணிக்குத் தாவும். அன்று இரவு 12.30 என்று ஒரு நேரம் கிடையாது. இலையுதிர் காலத்தில் கடிகாரம் பின்னே போகும்போது ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். பகல் நேர கிளினிக்குக்கு இது பெரிய விஷயம் இல்லை. இரவு பஸ், மருத்துவமனை நைட் ஷிஃப்ட் போன்றவற்றுக்கு, இப்படி வந்தால் எந்த நேரத்தை எடுப்பது என்று மென்பொருளில் முன்கூட்டியே முடிவு செய்து வைக்கணும்.

இரண்டாவது, மண்டலப் பெயரே பிரியலாம். மெக்சிகோவின் எல்லை நகரான சியுடாட் ஹுவாரெஸ் 2022 நவம்பர் கடைசியில் பக்கத்து அமெரிக்க நகரான எல் பாசோவின் நேரத்துக்கு மாறியது. இதற்காக `America/Ciudad_Juarez` என்ற புதிய பெயரே உருவானது. அதுவரை அந்த ஊர் `America/Ojinaga` என்ற பெயரில் அடங்கியிருந்தது. பழைய பெயரோடு சேமித்த பதிவுகளில் எது ஹுவாரெஸுக்கு உரியது, எது ஓஹினாகாவுக்கு உரியது என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. கிளினிக்கின் முகவரியும் பதிவில் இருந்தால் பிரித்துவிடலாம்.

மூன்றாவது, ஒவ்வொரு கருவியிலும் விதிகளின் தனிப் பிரதி இருக்கிறது. சர்வரில் புதிய பதிப்பு ஏறியிருக்கும், ஐந்து வருடப் பழைய போனில் ஏறியிருக்காது. யுடிசி நேரத்தைப் போனுக்கு அனுப்பி, போனே மாற்றிக் காட்டினால் ஒரு மணி நேரம் தப்பாகக் காட்டும். 'காலை 10 மணி, பெய்ரூட் நேரம்' என்று எழுத்தாகவே அனுப்பிவிட்டால் பழைய போனிலும் சரியாக இருக்கும்.

எப்போது யுடிசி-யே சரி?

எதிர்கால நேரம் எல்லாமே இப்படி இல்லை. சூரிய கிரகணம் எந்த நொடியில் தொடங்கும் என்பதை எந்த அரசாணையும் மாற்ற முடியாது. ஏலம் தொடங்கி சரியாக 72 மணி நேரத்தில் முடியும் என்றால், அதுவும் கடிகாரத்தைச் சாராத ஒரு கணம். இவற்றை யுடிசி-யில்தான் சேமிக்க வேண்டும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே ஒரு கேள்வி போதும்: அந்த ஊரில் நாளைக்கே கடிகாரத்தை மாற்றினால், இந்த நிகழ்ச்சியும் கடிகாரத்தோடு சேர்ந்து நகருமா? டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பள்ளிக்கூட மணி, கோர்ட் விசாரணை எல்லாம் நகரும். அவற்றுக்கு உள்ளூர் நேரமும் மண்டலப் பெயரும். கிரகணம் நகராது. அதற்கு யுடிசி.

உங்கள் மென்பொருளில் இந்தப் பிழை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓர் அடையாளம் உண்டு. ஒரு குறிப்பிட்ட தேதிக்கு அப்புறம் உள்ள அப்பாயின்ட்மென்ட்கள் எல்லாம் மொத்தமாக ஒரு மணி நேரம் நகர்ந்திருக்கும், அதற்கு முந்தையவை சரியாக இருக்கும். 9 மணிக்குத் திறக்கும் கிளினிக்கில் 8 மணிக்கு ஆள் இருப்பதாகத் திரை காட்டினால், கையாலே ஒவ்வொன்றாகத் திருத்த ஆரம்பிக்காதீர்கள். கடைசியாக நேர மண்டல விதிகள் எப்போது அப்டேட் ஆயின என்று முதலில் பாருங்கள். அந்த நாளில் மொத்தமாக நகர்ந்திருந்தால், யாரும் தப்பாக டைப் செய்யவில்லை, சேமித்த வடிவம்தான் காரணம்.

சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. ஒரு சோதனை சர்வரில் லெபனானுக்கு 2023 ஏப்ரல் 11 காலை 10 மணி என்று ஒரு பதிவு போடுங்கள். விதிகளை `2023b` பதிப்புக்கு மாற்றி, மென்பொருளை மறுபடி ஓட விடுங்கள். திரையில் 10 மணியே இருந்தால், மனிதர்கள் ஒப்புக்கொண்ட நேரம் பத்திரமாக இருக்கிறது. 9 மணி என்று காட்டினால், அந்த 10 மணி உங்கள் டேட்டாபேஸில் எங்குமே இல்லை என்று அர்த்தம்.